சுமையோடு இருபது மீட்டர்

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம், முன்பு பவுண்டரியாக இருந்த நீளமான ஷெட் அது. இப்போது ஜிம். ஆளுயரக் கண்ணாடியோ டிரெட்மில் வரிசையோ அங்கே இல்லை. சுவரோரமாக டம்பெல்களும் கெட்டில்பெல்களும் எடை வாரியாக நிற்கின்றன. நடுவே இருபது மீட்டர் நீளத்துக்குத் தரையைக் காலியாக விட்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு நான் உள்ளே போனபோது அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி மூன்று பேர் நடந்துகொண்டிருந்தார்கள். மூவர் கையிலும் சுமை.

சுமையோடு நடக்கும் பயிற்சிகளுக்கென்றே இங்குள்ள மாஸ்டர் தனி வகுப்பு நடத்துகிறார். நாற்பது வயதுக்காரர், பவர்லிஃப்டிங் போட்டிகளில் கலந்துகொண்டவர். எந்தச் சுமை உடம்பில் எந்த இடத்தைப் பழக்குகிறது, ஒருவருக்கு இத்தனை கிலோ என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். "தாராளமாப் பாருங்க சார், நடக்கிற பாதையில மட்டும் நின்னுக்காதீங்க" என்றார்.

வகுப்பின் அடிப்படை ஃபார்மர்ஸ் கேரி. இரண்டு கையிலும் சம எடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, குறித்த தூரம் நடந்து, கீழே வைப்பது. செய்முறை அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு செயலையும் மாஸ்டர் தனித்தனியாகப் பார்க்கிறார்.

தூக்கும் இடத்திலேயே பாதி தெரிந்துவிடும்

முதலில் வந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். வயது நாற்பத்தாறு, எடை 60 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று வந்தவர். எலும்பு மருத்துவரிடம் காட்டி, பயிற்சி செய்யலாம் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். நடையைத் தொடங்கி ஒரு மாதம் ஆகவில்லை. அன்று அவருக்கான எடையைப் புதிதாக நிர்ணயிக்கப் போகிறார்கள்.

மாஸ்டர் இரண்டு 12 கிலோ கெட்டில்பெல்களை எடுத்து வைத்தார். அந்தப் பெண் அவற்றுக்குப் பின்னால் போய் நின்றார். "வெயிட்டு முன்னாடி வேண்டாங்க அக்கா, நடுவுல வந்து நில்லுங்க. கைப்பிடி ரெண்டும் கணுக்காலுக்கு நேரா இருக்கணும்" என்று திருத்தினார். எடை முன்னால் இருந்தால் அதை எட்டிப் பிடிக்க முதுகு வளையும். வளைந்த முதுகோடு எழும்பும்போதுதான் பிடிப்பு வரும். எடை உடம்புக்கு இருபுறமும் இருந்தால் இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, டெட்லிஃப்ட் செய்வது போலவே நேராக எழுந்துவிடலாம். அவ்வளவு கீழே குனிய முடியாதவர்களுக்கு எடையை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துத் தருகிறார்கள்.

கீழே வைக்கும்போதும் இதே ஒழுங்குதான். நடையில் யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை, களைத்துப்போய் எடையைத் தொப்பென்று குனிந்து வைக்கும்போதுதான் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது மாஸ்டரின் அனுபவம். அதனால் கையில் தெம்பு மிச்சமிருக்கும்போதே கீழே வைத்துவிடச் சொல்கிறார். வைக்கும் அந்த அசைவையும் சேர்த்துத்தான் ஒரு செட்.

எத்தனை கிலோ?

முதல் எடையை யூகிக்க அவர் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார். உடல் எடையில் கால் பங்கை ஒவ்வொரு கையிலும் கொடுப்பது. 60 கிலோ உள்ளவருக்கு அது 15 கிலோ. கெட்டில்பெல்லில் 15 கிடையாது. 12-க்கு அடுத்தது 16. இரண்டில் சிறியதிலிருந்து தொடங்குவது வழக்கம். இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதற்குமேல் எத்தனை கிலோ என்பதை அவருடைய நடைதான் சொல்ல வேண்டும்.

12 கிலோவோடு இருபது மீட்டர் போய்த் திரும்பினார். முகத்திலோ தோளிலோ எந்த மாற்றமும் இல்லை. இது இவருக்குப் பயிற்சியே இல்லை, உடம்பைச் சூடேற்றும் நடை. அடுத்து 16. முதல் பத்து மீட்டரில் அடிகள் கொஞ்சம் குறுகின, அது நல்லது. சுமையோடு எட்டி வைத்தால் இடுப்பு பக்கவாட்டில் ஆடும், எடையும் முன்னும் பின்னும் ஊசலாடும். சின்னச் சின்னதாக வேகமாக வைத்தால் எடை கையோடு அசையாமல் வரும். இருபதாவது மீட்டரில் கோட்டைத் தொட்டு, சற்று அகலமாக வளைந்து திரும்பினார். முப்பதாவது மீட்டரில் நின்று கீழே வைத்தார். மூச்சு வாங்கியது. ஆனால் நடை கலையவில்லை.

20 கிலோவை எடுத்தபோது கதை மாறியது. எடுக்கும்போதும் நிமிரும்போதும் ஒரு குறையும் இல்லை. பத்து மீட்டர் வரை சரி. பதினைந்தாவது மீட்டர்க் கோட்டைத் தாண்டியதும் இரண்டு தோளும் காதை நோக்கி ஏறின. கழுத்து முன்னே நீண்டது. இருபதாவது மீட்டரில் வலக்கை எடை தொடையில் இடித்தது. பாதம் தரையில் "தப் தப்" என்று விழும் சத்தம் எனக்கே கேட்டது. "போதுங்க அக்கா, வெச்சிருங்க" என்றார் மாஸ்டர்.

"இன்னும் நடக்க முடியும் மாஸ்டர்" என்றார் அவர்.

"முடியுங்க. ஆனா இதுக்கு மேல நடக்கிறது நீங்க இல்ல, வெயிட்டு உங்களை நடத்துது."

இந்த இடத்தில்தான் அவருடைய முறை எனக்குப் பிடிபட்டது. எவ்வளவு தூக்க முடிகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. கடைசி ஐந்து மீட்டர் நடை முதல் ஐந்து மீட்டர் நடையைப் போலவே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார். இருந்தால் அது சரியான எடை. தோள் ஏறினாலோ, உடம்பு ஒருபுறம் சாய்ந்தாலோ, எடை தொடையில் உரசினாலோ, பாதம் அறைந்தாலோ அது அதிகம். மஞ்சள் கோடுகள் அதற்காகத்தான்: எந்தக் கோட்டில் நடை கலைந்தது என்று சொல்ல முடிந்தால் அடுத்த தடவை எவ்வளவு கொடுக்கலாம் என்றும் சொல்லிவிடலாம்.

ஆக அந்தப் பெண்ணுக்கு அன்று முடிவான எடை கைக்கு 16 கிலோ, மொத்தம் 32. இருபது மீட்டராக நான்கு செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு, வாரத்துக்கு இரண்டு நாள். இனி முதலில் கூடப்போவது தூரம்தான்: இருபத்தைந்து, முப்பது, நாற்பது மீட்டர். நாற்பது மீட்டரை நடை கலையாமல் மூன்று செட் முடிக்கும் நாளில் 20 கிலோவைக் கொடுத்து, தூரத்தை மறுபடி இருபது மீட்டருக்கு இறக்குவார்கள். இதற்குக் காரணம் உண்டு. 16-லிருந்து 20-க்குத் தாவுவது பார்க்க நான்கு கிலோதான். விகிதத்தில் அது கால் பங்கு ஏற்றம். அவ்வளவு பெரிய தாவலைத் தூரத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும்.

ஒரு கையில் எடுத்தால்

சிறிது ஓய்வுக்குப் பிறகு அதே பெண்ணிடம் ஒரே ஒரு 16 கிலோ கெட்டில்பெல்லைக் கொடுத்தார்கள். இது சூட்கேஸ் கேரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போகிற மாதிரி ஒரு கைச் சுமை. முன்பு தூக்கியதில் பாதி எடைதானே, சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். வலக்கையில் சரியாகப் போனார். இடக்கைக்கு மாற்றியதும் பத்து மீட்டருக்குள் உடம்பு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

சுமை பாதியான பிறகு வேலை ஏன் கூடுகிறது? இடக்கையில் எடை தொங்கும்போது அது உடம்பை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க வலப்பக்க வயிற்றுச் சாய்தசைகளும், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே முதுகெலும்பை ஒட்டியிருக்கும் தசையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கொடிக்கம்பம் சாயாமல் எதிர்ப்பக்கம் கட்டிய கயிறு இழுப்பதைப் போலத்தான். எடை முதுகெலும்பிலிருந்து சுமார் முப்பது சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. இழுக்கும் தசைகளோ ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. தோராயமாகப் பார்த்தால் 16 கிலோவைச் சமாளிக்க அந்தத் தசைகள் மூன்று மடங்கு, அதாவது 48 கிலோ அளவு விசையோடு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. இரண்டு கையிலும் சம எடை இருந்தால் ஒன்றின் சாய்ப்பை மற்றது சரிக்கட்டிவிடும். இந்தக் கூடுதல் இழுப்புக்கு வேலை குறைவு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்தவர் ஸ்டூவர்ட் மெக்கில். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதையே அளந்து காட்டியது. ஒரு கையில் மட்டும் 30 கிலோ தூக்கி நடப்பதைவிட, இரண்டு கையிலும் முப்பது முப்பதாக 60 கிலோ தூக்கி நடக்கும்போது இடுப்பு முதுகெலும்பின் மேல் விழும் பளு குறைவாக இருந்தது. மொத்தச் சுமை இரட்டிப்பாகியும் முதுகுக்குப் பாரம் இறங்கியிருக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. அன்றாட வேலையில் சுமையை இரண்டு கைக்கும் பிரித்துக்கொள்வதே முதுகுக்கு நல்லது. பயிற்சியில் பக்கவாட்டுத் தசைகளைப் பழக்க வேண்டுமென்றால் ஒரு கைச் சுமையே வேண்டும். ஆனால் அதில் எடையைக் கூட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கும் இங்கே பங்குண்டு. நடக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். மற்றக் கால் காற்றில் இருக்கிறது. அப்போது தூக்கிய கால் பக்கமாக இடுப்பெலும்பு சரியாமல் நிறுத்துவது, ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத் தசை. சுமை சேர்ந்தால் அதன் வேலை பன்மடங்காகும். மெக்கில் குழுவினர் 2009-இல் ஸ்ட்ராங்மேன் போட்டியாளர்களை ஆராய்ந்தபோது, தோளில் பெரும் நுகத்தைச் சுமந்து நடப்பதற்கு ஒரு வீரரின் இடுப்புத் தசை வலிமை மட்டும் போதவில்லை என்பதும், பக்கவாட்டு முதுகுத் தசை இடுப்பெலும்பைத் தூக்கிப் பிடித்து உதவியதும் தெரியவந்தது. பின்னாலிருந்து பார்த்தால் இந்தக் குறை எளிதில் புலப்படும்: ஒவ்வோர் அடிக்கும் பேண்ட் பெல்ட் ஒருபுறம் இறங்கி ஏறினால் அந்த எடை இடுப்புக்கு அதிகம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கைச் சுமை 12 கிலோ என்று எழுதினார்கள், இரண்டு கைக்கும். வலக்கை 16 தாங்கும் என்று தெரிந்தும் அதைக் கொடுக்கவில்லை. பலம் குறைந்த பக்கம் எவ்வளவு தாங்குமோ அதுதான் இரண்டுக்கும் எடை. இடக்கையில் முதலில் நடப்பார். அதே தூரத்தை வலக்கையிலும் நடப்பார். சாய்வைச் சரிசெய்கிறேன் என்று எதிர்ப்பக்கம் வலிந்து வளைவதும் தவறு என்று மாஸ்டர் சொன்னார். கையில் ஒன்றுமே இல்லாதவர் நடப்பதைப் போல் தெரிய வேண்டும்.

கை விடும் இடம்

அடுத்து ஒரு கல்லூரி மாணவர். எடை 72 கிலோ. டெட்லிஃப்டில் நல்ல பலம். அவருக்குத் தனியாகக் கைப்பிடிகள் வைத்திருக்கிறார்கள். பக்கத்து லேத் பட்டறையில் குழாயை வெட்டி வெல்டிங் செய்தவை. ஒவ்வொன்றும் வெறுமனே 10 கிலோ. இரண்டு முனையிலும் பிளேட் மாட்டிக்கொள்ளலாம். டம்பெல் 30 கிலோவைத் தாண்டினால் தடித்துத் தொடையில் இடிக்கும். இந்த நீளக் கைப்பிடியில் பிளேட்டுகள் முன்னும் பின்னும் போய்விடுவதால் தொடைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் சரியாக நடுவில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் பிடித்தாலும் முன்முனை தாழ்ந்து, நடக்க நடக்கத் தரையை இடிக்கும்.

"அண்ணா, அம்பது போடலாமா?" என்று கேட்டார். கைக்கு 50 கிலோ, மொத்தம் 100.

பயிற்சி பெற்ற ஆண்களுக்கு, தன் உடல் எடையை இரண்டு கைக்கும் பிரித்துத் தூக்கி நடக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் ஓர் அளவு. சுமை நடையைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது போன்ற அடிப்படை அசைவுகளோடு சேர்த்து எழுதி வரும் அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜானும் இப்படி உடல் எடையை வைத்தே அளவு சொல்கிறார். அதன்படி இந்த மாணவருக்குக் கைக்கு 36 கிலோ. அவர் ஏற்கெனவே 40-இல் இருக்கிறார். மாஸ்டர் மறுக்கவில்லை. "போட்டுப் பாரு தம்பி. விரல் விரியுதுன்னு தெரிஞ்ச உடனே வெச்சிரணும்" என்றார்.

எழுந்தது சுலபமாக. முதுகும் தோளும் கடைசி வரை அசையவில்லை. ஆனால் பத்து மீட்டர்க் கோட்டுக்கு அப்புறம் கைப்பிடி உள்ளங்கையிலிருந்து விரல் நுனியை நோக்கி நழுவத் தொடங்கியது. இரண்டடியில் கீழே வைத்துவிட்டார். முன்கை இறுகி நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

சுமை நடையில் ஆரோக்கியமான ஒருவருக்கு முதலில் களைப்பது பெரும்பாலும் கைதான். விரல்களை மடக்கிப் பிடிக்கும் முன்கைத் தசைகள் விடாமல் இறுகியே இருப்பதால் அவற்றுக்குள் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது; எரிச்சல் எடுத்து, பிடி தளர்ந்துவிடுகிறது. ஆகவே இந்த மாணவருடைய 50 கிலோ தோல்வி முதுகின் தோல்வி அல்ல. பிடிக்கு மட்டும் தனிப் பரிகாரம் போதும். கைக்கு 40 கிலோவில் முப்பது மீட்டர் வரை தூரத்தைக் கூட்டச் சொன்னார் மாஸ்டர். வியர்வைக்குச் சாக் பவுடர் உண்டு. மணிக்கட்டில் கட்டும் ஸ்ட்ராப் கூடாது. ஸ்ட்ராப் போட்டால் 50 நிச்சயம் போகும். ஆனால் இந்தப் பயிற்சியில் கைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போய்விடும். இதே காரணத்தால் சுமை நடையை டெட்லிஃப்டுக்கும் ரோயிங்குக்கும் முன்னால் வைக்கக் கூடாது. களைத்த கையோடு பாரைப் பிடித்தால் அந்தப் பயிற்சியும் கெடும். வகுப்பின் கடைசியில் வைப்பதுதான் இங்கே நடைமுறை.

பிடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று இன்னும் கிடக்கிறது. டீ ஆற்றின் மேல் பொட்டார்க் என்ற பாலம். அங்கே இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள். சேர்த்து சுமார் 332 கிலோ. டொனால்ட் டின்னி என்ற பலசாலி 1860-இல் இவற்றை வெறுங்கையால் தூக்கிப் பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்பது வரலாறு. ஒரு கல் மற்றதைவிட நாற்பது கிலோவுக்கு மேல் கனம் என்பதையும் கவனிக்க வேண்டும்; ஃபார்மர்ஸ் கேரியும் சூட்கேஸ் கேரியும் ஒன்றாகச் சேர்ந்த சுமை அது. இன்றும் அவற்றைத் தரையிலிருந்து எழுப்பிப் பார்க்கவே உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

மார்பில் அணைத்தும், தலைக்கு மேலும்

மூன்றாமவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு, எடை 66 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவருக்கு கேன்வாஸ் பையில் நிரப்பிய 16 கிலோ மணல். அதைத் தரையிலிருந்து எடுக்க விடவில்லை. முழங்காலுக்கு மேல் உயரமான ஒரு பெஞ்சில் வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

இதில் பிடிக்கு வேலை குறைவு. மேல்முதுகுக்கும் மூச்சுக்கும் வேலை அதிகம். முன்னால் தொங்கும் பை உடம்பைக் கூன வைக்கப் பார்க்கிறது. மேல்முதுகு அதை எதிர்த்து நிமிர வேண்டும். பை நெஞ்சை அழுத்துவதால் ஆழமாக மூச்சிழுக்கவும் முடியாது. வயிற்றை இறுக்கியபடியே குட்டிக் குட்டி மூச்சாக விட்டு வாங்கப் பழக வேண்டும். இங்கே வரும் தவறு வேறு மாதிரி: பையைத் தொப்பையின் மேல் சாத்தி, இடுப்பை முன்னே தள்ளி, பின்னால் சாய்ந்துகொள்வார்கள். கைக்குச் சுகமாக இருக்கும். கீழ்முதுகு மடங்கிக்கொண்டு பாரத்தை வாங்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும், பெல்ட் பக்கிள் தோளைவிட முன்னால் போயிருக்கும்.

இந்த ஐயாவுக்கு எடையை நிர்ணயிக்க இன்னொரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் "அஞ்சு, பத்து, பதினஞ்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கனமான எடையை இறுகப் பிடித்து மூச்சையும் அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாயால் எண்ண முடிகிறவர் மூச்சை அடக்கவில்லை என்று பொருள். எண்ணிக்கை நின்றால் மாஸ்டர் பையை வாங்கிவிடுவார். 16 கிலோவில் அவர் இருபது வரை எண்ணினார். ஆனால் அதற்கு மேல் கொடுக்க மாஸ்டர் அவசரப்படவில்லை.

தலைக்கு மேல் பிடித்து நடப்பதை அவருக்குத் தரவே இல்லை. அதற்கு ஒரு முன்தேர்வு. சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழங்கையை மடக்காமல் கையை மேலே தூக்க வேண்டும். கீழ்முதுகு சுவரை விட்டு வளையாமல் கட்டைவிரல் சுவரைத் தொட்டால்தான் தகுதி. அவருக்குத் தொடவில்லை. தோள் அவ்வளவு திறக்காதபோது எடையை மேலே கொண்டுபோனால் விலா முன்னே பிதுங்கி, பாரம் இடுப்புக்குப் போய்விடும். வங்கிப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் தொட்டது. அவருக்குக் கொடுத்தது 6 கிலோ டம்பெல், ஒரு கைச் சுமையில் சரிபாதி. ஃபார்மர்ஸ் கேரியில் 16 தூக்குகிறவருக்கு ஆறா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினைந்தாவது மீட்டரில் அவருடைய தோள் நடுங்கத் தொடங்கியபோது ஆச்சரியம் போய்விட்டது. சுமை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு எடை குறைய வேண்டும்.

வீட்டில் என்றால்

ஜிம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். ஷெட்டுக்கு வெளியே குழாயடியில் இருந்த இரண்டு பெயிண்ட் வாளிகளைக் காட்டினார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியில் எத்தனை லிட்டர் ஊற்றுகிறோமோ அத்தனை கிலோ, கூடவே வாளியின் எடை. கெட்டில்பெல்லில் நான்கு கிலோ தாவ வேண்டிய இடத்தில் இங்கே அரை அரைக் கிலோவாக ஏற்றலாம். இரண்டு வாளியிலும் சமமாக ஊற்றுவதும், வாளியின் கம்பி விரலை அறுக்காமல் துணி சுற்றுவதும் முக்கியம். வாளியை விளிம்பு வரை நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்தினால் தண்ணீர் அலம்பும். அதே எடை கூடுதல் கனமாகத் தெரியும். அலம்பாமல் நடக்கப் பழகினால் அடி தானாகக் குறுகிவிடும். ஈரத் தரையில் மட்டும் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டோ, வழுக்காத ஷூவோடோ நடக்க வேண்டும்.

20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு கையில் மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் ஏற்கெனவே 20 கிலோ சூட்கேஸ் கேரியைப் படிக்கட்டில் செய்கிறார்கள். அந்த வங்கிப் பெண்ணுக்குச் சமதரையில் கிடைத்த அளவு 12 என்பதை நினைத்துக்கொண்டால், கேன் தூக்கிய மறுநாள் ஏன் ஒரு பக்க இடுப்பு வலிக்கிறது என்று விளங்கும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரை இரண்டு குடத்தில் பிரித்து இரண்டு கையிலும் எடுத்துப் போவது மேல்.

இந்த நடைக்கு எல்லையும் உண்டு. தொடையை முழு நீளத்துக்கு மடக்கி நீட்டும் வேலை இதில் இல்லை. ஆகவே ஸ்க்வாட்டின் இடத்தை இது பிடிக்காது. தசையைப் பெருக்குவதிலும் முன்கையையும் கழுத்தடித் தசையையும் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். குடலிறக்கம் உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண் விழித்திரைப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நடக்கும்போது வலி காலுக்குள் ஓடினாலோ, விரல் மரத்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் உடல் எடையில் கால் பங்கை, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, ஒவ்வொரு கையிலும் எடுத்து இருபது மீட்டர் நடந்து பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து மொபைலில் படமெடுக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து மீட்டரையும் கடைசி ஐந்து மீட்டரையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அடுத்த வாரம் தூரத்தைக் கூட்டுங்கள். இல்லையென்றால் எடையைக் குறையுங்கள்.